புல்வெளியின் வயது: மகரந்தத் துகள்கள் சொல்லும் கணக்கு

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், கொரட்டூர், ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டு, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் என்று ஏரிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். தலைமுறை தலைமுறையாக மழைநீர் கொண்டுவந்த வண்டல் இவற்றின் அடியில் படிந்திருக்கிறது. அந்த வண்டலில் ஒரு குழாயைச் செங்குத்தாக இறக்கி மண்தண்டு ஒன்றை உருவி எடுத்தால், அதில் புதைந்திருக்கும் மகரந்தத்தைக் கொண்டு இந்நிலத்தின் பழைய மரஞ்செடிகளையும் மழையையும் படித்துவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் பெரும்பாலும் படிக்க முடியாது. ஏன் முடியாது என்பதிலிருந்தே இத்துறையை அறிமுகப்படுத்துவது நல்லது என்று நினைக்கிறோம்.

மகரந்தத் துகளின் வெளிச்சுவர் ஸ்போரோபொலனின் என்னும் பொருளால் ஆனது. உயிரினங்கள் ஆக்கும் பொருட்களில் இதைப்போல் உறுதியானவை மிகச் சில. கடும் அமிலத்தில் கொதிக்கவைத்தாலும் அதன் முட்களும் துளைகளும் வலைக்கோடுகளும் அழிவதில்லை. இத்தனை உறுதி கொண்ட சுவருக்குக் காற்றும் நுண்ணுயிரும்தான் எமன். ஏரி கோடையில் வற்றுகிறது, தரை பாளம் பாளமாக வெடிக்கிறது, வெடிப்பின் வழியே காற்று உள்ளே புகுகிறது. அடுத்த மழையில் மேல்மண் அந்த வெடிப்புக்குள் சரிந்து விழுகிறது. இப்படி ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும்போது துகள்கள் அரிக்கப்பட்டுக் கரைந்துபோகின்றன. போதாததற்கு, உழவர்கள் ஏரி வண்டலை வெட்டி வண்டி வண்டியாக வயலுக்குக் கொண்டுசென்ற மரபும் உண்டு. உழவுக்கு அது உரம். ஆய்வாளருக்கோ நடுவில் பக்கங்கள் கிழிக்கப்பட்ட நூல். அத்தகைய மண்ணை நுண்ணோக்கியில் பார்த்தால் குறை உடனே தெரிந்துவிடும். துகள்கள் அரிதாக இருக்கும். இருப்பவையும் ஓரம் மெலிந்து, பூச்சி அரித்ததுபோல் காணப்படும். தடித்த சுவர் கொண்ட பெரணி வித்துகள் மட்டும் மிதமிஞ்சித் தென்படும். அதைக் கண்டு, ஒருகாலத்தில் இங்கே பெரணிக்காடு இருந்தது என்று எழுதிவிடக் கூடாது. மற்றவை அழிந்தன, இவை தப்பின என்பது மட்டுமே அதன் பொருள்.

ஆகவே ஆண்டு முழுவதும் நீரில் ஊறி, காற்றுப் புகாமல் கிடக்கும் இடத்தைத் தேட வேண்டும். தமிழ்நாட்டில் அத்தகைய இடம் கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேலே, நீலகிரியின் மேட்டுச் சமவெளியில் அமைந்திருக்கிறது. அங்குள்ள பள்ளத்தாக்குகளில் செடிகள் முற்றிலும் மக்காமல் கறுத்துப் படிந்து உருவான சதுப்புக் கரி பல இடங்களில் காணப்படுகிறது. உதகையை அடுத்த சாண்டிநல்லா இவற்றுள் புகழ்பெற்றது. அந்தக் கரியைத் தேடிச் சென்றவர்களுக்கு ஒரு பழைய வழக்கும் காத்திருந்தது.

நீலகிரியின் உச்சியில் மடிப்புகளுக்குள் ஒடுங்கிய சோலைக்காடுகளும், அவற்றைச் சூழ்ந்த அகன்ற புல்வெளிகளும் அருகருகே இருக்கின்றன. இந்தப் புல்வெளி எப்படி வந்தது? 1938இல் வனத்துறை அறிஞர்கள் இருவர் இதற்கு எதிரெதிரான விடைகளை அளித்தார்கள். மனிதன் வைத்த தீயும் மேய்ச்சலும் காட்டை அழித்ததனால் உண்டான புல் இது என்பது என்.எல். போர் கொண்ட கருத்து. திறந்த வெளியில் இறங்கும் உறைபனி சோலைமரங்களின் கன்றுகளைக் கருக்கிவிடுகிறது, ஆகவே புல்வெளி இயற்கையானதே என்பது சி.ஆர். ரங்கநாதனின் கருத்து. இதை வெறும் ஏட்டுச் சண்டையாக எங்களால் கருத முடியவில்லை. புல்வெளி என்பது அழிந்த காட்டின் மிச்சம் என்றால் அதில் மரம் நடுவது பரிகாரம் ஆகிவிடும். பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் சீகை மரமும் யூகலிப்டஸும் பைனும் அந்த வெளிகளை விழுங்கியதற்குப் பின்னால், புல்வெளியைத் தரிசாகக் கண்ட இந்தப் பார்வையும் இருந்தது.

வழக்கைத் தீர்க்கச் சாட்சி வேண்டும். சாட்சியை அடையாளம் காண, இன்றைய செடிகளின் மகரந்தம் ஒவ்வொன்றையும் பெயரோடு அறிந்த ஒருவர் வேண்டும். 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இதற்கான ஆய்வகத்தை அமைத்தது. வெப்பமண்டலச் செடிகளின் மகரந்தம் ஏறிய கண்ணாடி வில்லைகள் அங்கே இருபதாயிரத்துக்கும் மேல் சேர்ந்திருக்கின்றன. அதைக் கட்டியெழுப்பியவர்களுள் தலையாயவர் கணபதி தணிகைமொனி. பிச்சாவரத்தில் அவரும் காரத்தினி, பிளாஸ்கோ ஆகியோரும் செய்து 1973இல் வெளியிட்ட ஆய்வு, இன்றைய காட்டையும் அதன் அடிச்சேற்றில் விழும் மகரந்தத்தையும் ஒப்பிட்டது. சுரபுன்னை இனங்கள் தாராளமாக மகரந்தம் சிந்துபவை. கண்டல் காட்டின் வேறு பல செடிகள் அப்படியல்ல. ஆகவே சேற்றில் எண்ணிக் கிடைக்கும் விகிதம் காட்டில் நிற்கும் மரங்களின் விகிதம் அன்று. இந்த ஒப்பீடு இல்லாத பழங்காலக் கணக்கை நாம் நம்ப வேண்டியதில்லை. தணிகைமொனி 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில், கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் கொல்லப்பட்டார். கண்டல் மகரந்தங்களைப் பற்றிய அவருடைய நூல் அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது.

இனி ஆய்வகத்துக்குள் செல்வோம். சதுப்புக் கரியிலிருந்து சில சென்டிமீட்டருக்கு ஒன்றாக, ஒரு கன சென்டிமீட்டர் அளவில் மாதிரிகளை எடுக்கிறார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, மக்கிய கறுப்புச் சாற்றைக் கரைக்கிறது. களிமண்ணும் மணலும் இருந்தால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தேவைப்படும். அது கண்ணாடியையே தின்னும் என்பதால் பிளாஸ்டிக் குழாயில்தான் வேலை. கடைசியாக, சுவீடன் நாட்டு எர்ட்மன் வகுத்த முறைப்படி, ஒன்பது பங்கு அசெட்டிக் அன்ஹைட்ரைடும் ஒரு பங்கு கந்தக அமிலமும் சேர்ந்த கலவையில் சூடாக்குகிறார்கள். செல்லுலோஸ் கரைந்து, துகளின் வெளிச்சுவர் மட்டும் தெளிவாக எஞ்சும். அதை நானூறு மடங்கு பெருக்கிப் பார்த்து, ஒரு மாதிரிக்கு முந்நூறு துகள்கள்போல எண்ண வேண்டும். பொறுமையின் வேலை.

எண்ணியபின் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு மாதிரியில் 400 துகள்கள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் 210 புல்லுடையவை, 100 கோரையுடையவை, மீதி 90 மரங்களுடையவும் பிறவற்றுடையவும். மொத்தத்தில் புல் 52 விழுக்காடு. ஆனால் கோரை அந்தச் சதுப்பிலேயே முளைப்பது. சுற்றியுள்ள மலையைப் பற்றி அது அதிகம் பேசாது. அதை நீக்கி 300க்குக் கணக்கிட்டால் புல் 70 விழுக்காடாகிவிடும். மலையில் எதுவும் மாறவில்லை, வகுக்கும் எண் மட்டுமே மாறியது. இன்னொரு சிக்கலும் உண்டு. புல் தன் மகரந்தத்தைக் காற்றில் வாரி இறைக்கிறது. சோலைமரங்களில் பல பூச்சிகளை நம்புபவை. அவற்றின் மகரந்தம் குறைவு, நெடுந்தொலைவு பறப்பதுமில்லை. ஆகவே எண்ணிக்கையில் புல் 70 விழுக்காடு என்பது நிலப்பரப்பில் புல் 70 விழுக்காடு என்பதாகாது. இன்றைய சோலைக்குள்ளும் புல்வெளி நடுவிலும் மேல்மண்ணை எடுத்து எண்ணிப் பார்த்து, அந்த அளவுகோலைக் கொண்டே பழைய அடுக்கை மதிப்பிட வேண்டும்.

சாண்டிநல்லாவின் படிவுகளைப் பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஜி. வசந்தி இவ்வாறு ஆராய்ந்து 1988இல் வெளியிட்டார். அடியடுக்குகளின் வயதைக் கரிமக் காலக்கணிப்பு பல்லாயிரம் ஆண்டுகள் பின்னே கொண்டுசென்றது, அங்கும் புல் மேலோங்கி இருந்தது. மலையில் மாடு மேய்த்த மக்களின் காலத்துக்கு மிக முந்தியது அது. வழக்கில் ரங்கநாதனின் கட்சி வலுப்பெற்றது என்று சொல்லலாம். மனிதன் வைத்த தீ பிற்காலத்தில் புல்லின் எல்லையை விரித்திருக்கக்கூடும் என்பதை மகரந்தம் மறுக்கவில்லை. புல்வெளியைப் பிறப்பித்தது அந்தத் தீ அல்ல என்பதையே அது சொல்கிறது.

ஆனால் எந்தப் புல்? இங்கே மகரந்தம் ஊமையாகிவிடுகிறது. புல்லின் துகள் ஓர் உருண்டை, அதில் வளையம் சூழ்ந்த ஒரே துளை. மூங்கிலும் அருகம்புல்லும் நுண்ணோக்கியில் ஏறத்தாழ ஒரே முகம் காட்டுகின்றன. வறட்சியைத் தாங்கும் சி4 வகைப் புல்லா, குளிரும் ஈரமும் விரும்பும் சி3 வகையா என்பது தெரிந்தால்தான் பருவமழையைப் பற்றிப் பேச முடியும். இதற்கு விடையை அந்தக் கரியிலுள்ள கார்பனே வைத்திருக்கிறது. கார்பன்-13இன் அளவு சி3 செடிகளில் ஆயிரத்துக்கு மைனஸ் 27 அளவிலும், சி4 புற்களில் மைனஸ் 13 அளவிலும் இருக்கும். ஓர் அடுக்கில் மைனஸ் 20 கிடைத்தால் இருவகையும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி என்று கொள்ளலாம். ராமன் சுகுமாரும் உடன்பணியாற்றியவர்களும் இம்முறையில் நீலகிரிச் சதுப்புகளின் இருபதாயிரம் ஆண்டுக் கதையை 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். 1997இல் ராஜகோபாலன் முதலியோர் அதை நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு நீட்டினார்கள். பனியுகம் உச்சத்தில் இருந்தபோது மலை வறண்டு கிடந்தது, பனியுகம் தணியத் தணிய மழை பெருகியது, ஏறத்தாழ 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன்பு வறட்சி திரும்பியது என்பது அதன் சுருக்கம். ஒரு எச்சரிக்கை: பனியுக உச்சத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடும் மிகக் குறைவு, அந்த நிலையும் சி4 புல்லுக்கே சாதகம். எனவே அன்றைய புல் முழுவதையும் மழைக்குறைவின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது.

வயதும் ஏமாற்றக்கூடும். மேலே வளரும் செடியின் வேர் ஆழத்தில் இறங்கி இளங்கார்பனைச் சேர்த்துவிட்டால் அடியடுக்கு இளமை காட்டும். கீழ் அடுக்கு மேலதைவிடக் குறைந்த வயதைக் காட்டும்போது கலப்பு அம்பலமாகும். இன்னொரு காவலாளியும் உண்டு: ஆஸ்திரேலியச் சீகை. பதினாறு துகள்கள் ஒட்டிய பொட்டலமாக விழும் அதன் மகரந்தம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மரம் இங்கு வந்த பிறகே படிந்திருக்க முடியும். ஆயிரமாண்டுப் பழமை சொல்லும் அடுக்கில் அந்தப் பொட்டலம் தென்பட்டால், மண் எங்கோ கலங்கியிருக்கிறது.

மேற்குப் புறநகருக்கும் ஒரு வழி இருக்கிறது, சற்றுச் சுற்றுவழி. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலக்கிறது. பருத்திப்பட்டின் நீர் கூவத்தை நோக்கிச் செல்கிறது. காற்றைப் போலவே நீரும் மகரந்தத்தைச் சுமப்பது. வற்றும் ஏரியில் அழிவதில் ஒரு பங்கு, வெள்ளத்தில் தப்பி முகத்துவாரத்தின் சேற்றில் அடங்கும். அடையாற்று முகத்துவாரப் படிவுகளை அஞ்சும் ஃபரூக்கியும் ஹேமா அச்யுதனும் ஆராய்ந்து 2006இல் எழுதினார்கள்; கண்டல் காட்டின் மகரந்தம் அங்கே காணப்பட்டது. அந்தச் சேற்றில் பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வந்த புல்லையும் கரையோரத்தில் முளைத்த புல்லையும் பிரித்தறிய முடியாது. பிரித்துச் சொல்லத்தக்கவை கரையில் வளராத, மேற்கே மட்டும் வளரும் மரங்களின் துகள்கள். அவை ஒரு வில்லைக்கு இரண்டோ மூன்றோ தேறலாம். அதற்காக முந்நூறுக்குப் பதில் ஆயிரம் வரை எண்ண வேண்டியிருக்கும்.