கழுத்திலும் அக்குளிலும் கருமை: தேய்த்தால் போகாதது ஏன்? கேள்வி – பதில்

பிள்ளைகளின் பின்கழுத்தில் கருப்பாகப் படர்ந்திருக்கும் பட்டையை நம் வீடுகளில் பெரும்பாலும் அழுக்கு என்றே நினைக்கிறோம். "ஒழுங்காகத் தேய்த்துக் குளி" என்று திட்டுகிறோம். எலுமிச்சை, கடலை மாவு, பீர்க்கங்கூடு என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறோம். ஆனால் அந்தக் கருமை பல நேரங்களில் உடம்புக்குள் நடக்கும் ஒரு மாற்றத்தின் அடையாளம். இது பற்றிப் பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: இது அழுக்கு இல்லையா? பிறகு என்ன?

பதில்: அழுக்கு இல்லை. மருத்துவர்கள் இதை அகந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்கிறார்கள். கழுத்தின் பின்புறமும் பக்கங்களும், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் அதிகம் வரும். சிலருக்கு முழங்கையிலும் விரல் மூட்டுகளிலும் தெரியும். தோல் கருப்பதோடு சற்றுத் தடித்து, மெல்லிய வரிகள் விழுந்து, தடவிப் பார்த்தால் வெல்வெட் துணி போல் இருக்கும். பக்கத்திலேயே சிறு சிறு மருக்கள் தொங்குவதும் உண்டு. பொதுவாக வலி இருக்காது. இது தொற்று அல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது.

கேள்வி: ஏன் வருகிறது?

பதில்: பெரும்பாலானவர்களுக்குக் காரணம் இன்சுலின். நாம் சாப்பிடும் சோறும் இனிப்பும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதை உடம்பின் செல்களுக்குள் அனுப்புவது இன்சுலினின் வேலை. உடல் எடை, குறிப்பாக வயிற்றுப் பகுதியில் கொழுப்பு கூடும்போது, செல்கள் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. பரம்பரையில் சுகர் இருந்தால் இந்த வாய்ப்பு இன்னும் அதிகம். அப்போது கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து நிலைமையைச் சமாளிக்கிறது.

இப்படி மிகுதியாகச் சுற்றும் இன்சுலின் தோலின் செல்களையும் வேகமாக வளரத் தூண்டுகிறது. தோல் தடிப்பதும் கருப்பதும் அதனால்தான். கணையம் சமாளித்துக் கொண்டிருக்கும் வரை இரத்தப் பரிசோதனையில் சுகர் நார்மலாகவே வரலாம். அதாவது, சுகர் ஏறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே கழுத்து சொல்லிவிடுகிறது. இந்தக் கருமை உள்ள எல்லோருக்கும் சுகர் வந்தே தீரும் என்று பொருளல்ல. ஆனால் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

கேள்வி: ஹிஜாப் அணிவதால், செயின் உரசுவதால், வியர்வையால் வருகிறதா?

பதில்: வியர்வையும் உரசலும் ஏற்கெனவே இருக்கும் கருமையைச் சற்று எரிச்சலாக்கலாம். ஆனால் வெல்வெட் போன்ற இந்தத் தடிப்புக்கு அவை மூலகாரணம் அல்ல. ஹிஜாபும் செயினும் படாத அக்குளிலும் தொடை இடுக்கிலும் சேர்ந்து வருவதே இதற்குச் சான்று. ஹிஜாப் விஷயத்தில் கவனிக்க வேண்டியது வேறு. கழுத்து எப்போதும் மூடியிருப்பதால் பெண் பிள்ளைகளுக்கு இது இருப்பது வீட்டாருக்கே தெரியாமல் போய்விடுகிறது. தலை வாரிவிடும்போது உம்மாமார்கள் பின்கழுத்தை ஒருமுறை பார்த்துக் கொள்வது நல்லது.

கேள்வி: கழுத்தில் உள்ள எல்லாக் கருமையும் இதுதானா?

பதில்: இல்லை. கடுமையாக அரித்து, ஓரம் சிவந்து, வட்டமாகப் பரவினால் அது படர்தாமரையாக இருக்கலாம். கவரிங் செயின் அல்லது புது வாசனை ஸ்ப்ரே பட்ட இடத்தில் மட்டும் அரிப்போடு வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். இன்னொரு வகையில், தினமும் குளிப்பவர்களுக்கே இறந்த தோல் அழுக்குப் போலப் படிந்து, சோப்புக்குப் போகாமல் நிற்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, புண் இல்லாத இடத்தில் மெதுவாகத் துடைத்தால் இந்த வகை பஞ்சோடு வந்துவிடும். துடைத்தும் நிறம் மாறவில்லை, தோல் தடிப்பாகவும் இருக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்.

கேள்வி: என்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

பதில்: எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை முதலில் பார்ப்பார்கள். பெரியவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டிய இடுப்பு, நம் நாட்டவருக்கு எச்சரிக்கை அளவு. பிறகு இரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் சுகர் 100க்குக் கீழ் இருந்தால் நார்மல். 100 முதல் 125 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 126ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்; இதை மறுபடி சோதித்து உறுதி செய்வார்கள். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 5.7க்குக் கீழ் நார்மல், 6.5 முதல் சர்க்கரை நோய், இடைப்பட்டது முந்தைய நிலை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் பெண் பிள்ளைகளில் பலருக்கு இரத்தசோகை இருப்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது, விடாத முகப்பரு ஆகியவையும் இருந்தால் பி.சி.ஓ.டி.க்கான பரிசோதனையும் தேவைப்படும். இதுவும் இன்சுலின் மிகுதியோடு சேர்ந்து வருவதுதான். ஆகவே மருத்துவரிடம் கழுத்தைப் பற்றிச் சொல்லும்போது மாதவிடாயைப் பற்றியும் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஓர் உதாரணத்தோடு விளக்க முடியுமா?

பதில்: விளங்குவதற்காக ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். 15 வயதுப் பெண். உயரம் 152 சென்டிமீட்டர், எடை 66 கிலோ. இரண்டு ஆண்டுகளாகப் பின்கழுத்தும் அக்குளும் கருப்பு. மாதவிடாய் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. வாப்பாவுக்குச் சுகர் உண்டு. பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சுகர் 102, ஹெச்பிஏ1சி 5.9, ஹீமோகுளோபின் 9.8.

ஹீமோகுளோபின் குறைவாக இருப்பதால் 5.9 என்ற எண்ணை மட்டும் நம்ப முடியாது. எனவே மருத்துவர் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சுகர் பார்க்கிறார். 156 வருகிறது. 140க்குக் கீழ் இருந்தால் நார்மல், 200ஐத் தொட்டால் சர்க்கரை நோய். இந்தப் பெண் இரண்டுக்கும் நடுவில், முந்தைய நிலையில் இருக்கிறாள்.

அவள் உணவைக் கேட்டால், ஒரு நாளைக்கு மூன்று வேளை டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. மாலையில் ரோஸ் மில்க் அல்லது கூல்டிரிங்க்ஸ். இரவு பத்து மணிக்குப் பரோட்டா. டீயின் சீனியே ஏறக்குறைய 25 கிராம். 300 மில்லி கூல்டிரிங்க்ஸில் இன்னும் 30 கிராம் அளவு. முதலில் இனிப்புப் பானங்களை நிறுத்துகிறார்கள். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டு வந்து, சோற்றைக் குறைத்துக் காய்கறியும் மீனும் கூட்டுகிறார்கள். தினமும் உம்மாவும் மகளும் 45 நிமிடம் வேகமாக நடக்கிறார்கள். இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை தனியே.

ஆறு மாதத்தில் எடை 61 கிலோ, இரண்டு மணி நேரச் சுகர் 128, மாதவிடாய் சீராகத் தொடங்கியிருக்கிறது என்றால் வழி சரி என்று பொருள். கழுத்தில் முதலில் தடிப்பு குறைந்து மிருதுவாகும். நிறம் அதைவிட மெதுவாகத்தான் வெளுக்கும். நிறம் போகவில்லையே என்று பாதியில் விட்டுவிடக் கூடாது.

கேள்வி: சுகர் நார்மல் என்று வந்துவிட்டால் கவலை இல்லைதானே?

பதில்: அங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். கருமை இருக்கிறது, சுகர் நார்மல் என்றால் கணையம் இன்னும் சமாளிக்கிறது என்று பொருள். மாற்றம் செய்ய அதுவே நல்ல நேரம். ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி சோதியுங்கள். முந்தைய நிலையில் இருந்த 531 இந்தியர்களைச் சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்று ஆண்டுகள் கண்காணித்து 2006ல் முடிவை வெளியிட்டார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் அது 39 சதவீதம்.

கேள்வி: கிரீம் போட்டால் போகாதா?

பதில்: தோல் மருத்துவர் தரும் சில கிரீம்கள் தடிப்பைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் இன்சுலின் குறையாவிட்டால் கருமை திரும்பி வரும். கடையில் பெயர் தெரியாமல் விற்கும் வெள்ளையாக்கும் கிரீம்களில் ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கக்கூடும். அவற்றால் தோல் மெலிந்து கெடும். எலுமிச்சைச் சாற்றைத் தடவி வெயிலில் போனால் தோல் வெந்து இன்னும் கருக்கும். அழுத்தித் தேய்த்தாலும் தோல் மேலும் தடிக்கவே செய்யும்.

கேள்வி: இது இருப்பவர்கள் நோன்பு பிடிக்கலாமா?

பதில்: மருந்து எதுவும் எடுக்காதவர்களுக்கு இந்தக் கருமையோ முந்தைய நிலையோ பொதுவாகத் தடையல்ல. நோன்பு திறந்த பின் சாப்பிடுவதில்தான் கவனம் வேண்டும். சர்பத், சமோசா, வடை, பிறகு முழுச் சாப்பாடு என்று போனால் ரமலானில் எடை கூடவே செய்யும். பேரீச்சம்பழம் ஒன்றிரண்டு, தண்ணீர், நோன்புக் கஞ்சி என்று தொடங்கி, பொரித்ததைக் குறைக்கலாம். சர்க்கரை நோய்க்கு கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குப் பகலில் சுகர் ஆபத்தாக இறங்கக்கூடும். அவர்கள் ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரிடம் அளவையும் நேரத்தையும் கேட்டு மாற்றிக் கொள்ள வேண்டும்.

கேள்வி: எப்போது தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்?

பதில்: எடை கூடாத ஒருவருக்கு, குறிப்பாக நடுத்தர வயதுக்கு மேல், சில வாரங்களில் திடீரெனக் கருமை பரவினாலும், உதடு, வாய், உள்ளங்கை தடித்தாலும், காரணமின்றி எடை குறைந்து பசி போனாலும் உடனே காட்டுங்கள். அரிதாக, வயிற்றுப் புற்றுநோய் போன்றவை இப்படித் தெரியலாம். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இறக்கம் ஆகியவை சேர்ந்திருந்தால் அன்றைக்கே சுகர் பார்க்க வேண்டும். சில மாத்திரைகளாலும், உதாரணமாக நீண்ட நாள் ஸ்டீராய்டு, கருத்தடை மாத்திரைகளாலும் இது வரலாம் என்பதால், எடுக்கும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.