கறுப்புப் புதன்கிழமை: வட்டி உயர்ந்தும் பவுண்டு சரிந்த நாள்

ஒரு நாட்டின் வட்டி வீதம் உயர்ந்தால் அந்நாட்டு நாணயத்தின் மதிப்பும் உயரும் என்பது பொருளியல் பாடங்களில் சொல்லப்படும் பொதுவான விதி. கூடுதல் வட்டியை நாடி வெளிநாட்டுப் பணம் உள்ளே வரும். அதற்காக அந்த நாணயத்தை வாங்குவோர் பெருகுவர். 1992 செப்டெம்பர் 16, புதன்கிழமை அன்று பிரித்தானிய அரசு இந்த விதியை நம்பி ஒரே நாளில் இரு முறை வட்டி உயர்வை அறிவித்தது. பவுண்டு எழவில்லை.

பிரித்தானியா 1990 அக்டோபரில் ஐரோப்பிய நாணயமாற்று வீதப் பொறிமுறையில் சேர்ந்தது. ஒரு பவுண்டுக்கு 2.95 செருமானிய மார்க் என்பது மைய மதிப்பு. அதிலிருந்து 6 விழுக்காடு வரை ஏறலாம், இறங்கலாம். தரை மட்டம் 2.778 மார்க். அதற்குக் கீழே போகாமல் காக்க வேண்டிய பொறுப்பு மைய வங்கிகளுடையது.

செருமனியோ அப்போது இணைப்புக்குப் பிந்தைய பெருஞ்செலவிலும் பணவீக்கத்திலும் இருந்தது. அதன் மைய வங்கியான புண்டசுபாங்கு வட்டியை உயர்த்திக்கொண்டே வந்தது. 1992 சூலையில் அதன் கழிவு வீதம் 8.75 விழுக்காட்டை எட்டியது. அங்கே பாடநூல் விதி பிசகாமல் வேலை செய்தது. பணம் மார்க்கை நோக்கிப் பாய்ந்தது. பிரித்தானியாவின் நிலை நேர் எதிர். அங்கு பொருளாதாரத் தேக்கம், வேலையின்மை சுமார் 10 விழுக்காடு. போதாததற்கு, பெரும்பாலான வீட்டுக் கடன்கள் மாறும் வட்டியில் இருந்தன. மைய வங்கி வட்டியை உயர்த்தினால் அந்தச் சுமை விரைவில் வீட்டுக்காரர்களின் மாதத் தவணையில் வந்து விழும். உயர்ந்த வட்டியை இந்த நாடு நெடுநாள் தாங்காது என்பது நாணயச் சந்தையில் இருந்தோருக்குத் தெரிந்தே இருந்தது.

அன்று காலை 11 மணிக்கு வட்டி 10 விழுக்காட்டிலிருந்து 12 ஆக உயர்த்தப்பட்டது. பவுண்டு தரை மட்டத்திலேயே கிடந்தது. பிற்பகலில், மறுநாள் முதல் 15 விழுக்காடு என்று மீண்டும் ஓர் அறிவிப்பு வந்தது. விற்பனை நிற்கவில்லை. இங்கிலாந்து வங்கி தன் செலாவணிக் கையிருப்பைக் கொடுத்துப் பவுண்டுகளை வாங்கியபடியே இருந்தது. மாலையில் நிதியமைச்சர் நார்மன் லாமொண்ட், பொறிமுறையில் பிரித்தானியாவின் பங்கேற்பு நிறுத்திவைக்கப்படுவதாக அறிவித்தார். 15 விழுக்காடு நடைமுறைக்கே வரவில்லை. 12 விழுக்காடும் மறுநாளே 10க்குத் திரும்பியது.

விதி ஏன் பொய்த்தது என்பதை ஒரு கணக்கால் காணலாம். ஊக வணிகர் ஒருவர் 10 கோடி பவுண்டைக் கடன் வாங்கி, 2.78 வீதத்தில் விற்று, 27.8 கோடி மார்க் பெறுகிறார் என்று கொள்வோம். பவுண்டுக் கடனுக்கு 15 விழுக்காடு வட்டி. கையிலுள்ள மார்க்கை வைப்பில் இட்டால் ஏறத்தாழ 9 கிடைக்கும். ஆண்டுக்கு 6 விழுக்காடுதான் நட்டம். ஒரு வாரத்துக்கு அது சுமார் 1.15 இலட்சம் பவுண்டு. வாரத்துக்குள் பவுண்டு 2.50 மார்க்காக விழுந்தால், 25 கோடி மார்க்கைக் கொண்டே கடனை அடைத்துவிடலாம். மிஞ்சுவது 2.8 கோடி மார்க், அதாவது 1.12 கோடி பவுண்டு. பவுண்டு விழாமல் நின்றாலோ, இழப்பு பெரும்பாலும் அந்த வட்டி மட்டுமே. வட்டி என்பது ஆண்டுக் கணக்கில் ஊறுவது. மதிப்பிறக்கமோ ஓர் இரவில் நிகழ்வது. சோர்ச்சு சோரோசின் நிதியம் இந்த வழியில் சுமார் 100 கோடி டாலர் ஈட்டியது.

அப்படியானால் இன்னும் கூடுதலாக வட்டியை உயர்த்தியிருக்கலாமே என்ற கேள்வி எழும். சுவீடன் அதைத்தான் செய்தது. தன் குரோனாவை ஐரோப்பிய நாணய அலகோடு பிணைத்திருந்த அந்நாட்டின் மைய வங்கி, அதே செப்டெம்பர் 16 அன்று வங்கிகளுக்கான குறுங்கால வட்டியை 500 விழுக்காடாக்கியது. மேற்சொன்ன கணக்கில் வாரச் செலவு 1.15 இலட்சத்திலிருந்து ஏறத்தாழ 95 இலட்சமாகத் தாவிவிடும். ஊக வணிகர்கள் பின்வாங்கினர், குரோனா தப்பியது. ஆனால் அத்தகைய வட்டியைச் சில நாட்களுக்கு மேல் எந்த வங்கியும் தொழிலும் தாங்காது என்பதால் விரைவிலேயே அதைக் குறைக்க வேண்டியதாயிற்று. நவம்பரில் தாக்குதல் மீண்டும் வந்தபோது, 19ஆம் நாள் சுவீடன் பிணைப்பைக் கைவிட்டது.

பிரித்தானியா வெளியேறிய சில வாரங்களில் பவுண்டு 2.50 மார்க்குக்கும் கீழே இறங்கியது. நாணயத்தைக் காக்கும் கட்டாயம் நீங்கியதால் வட்டி படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1993 சனவரியில் 6 விழுக்காட்டுக்கு வந்தது. பவுண்டைக் காக்க முயன்றதில் அரசுக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 330 கோடி பவுண்டு என்ற கருவூல மதிப்பீடு 2005இல்தான் வெளியானது.