தட்டச்சுப் பொறியிலிருந்து இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகைக்கு

மலையகத்தின் நகரங்களிலும் தோட்டப் பகுதிகளிலும் தமிழ்த் தட்டச்சுப் பயின்றோர், பெரும்பாலும் பழைய தட்டச்சுப் பொறியின் விசை ஒழுங்கையே விரல்களில் பதித்துக்கொண்டவர்கள். பாமினி எழுத்துருவும் அவ்வொழுங்கையே பின்பற்றியது. 2008ஆம் ஆண்டின் இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 1326 ஏற்றுக்கொண்ட ரெங்கநாதன் விசைப்பலகையும் அதே மரபில் வந்தது. ஆனால் விண்டோஸ் 2000 முதல் கணினியோடு வரும் தமிழ் விசைப்பலகை இந்தியாவில் வகுக்கப்பட்ட இன்ஸ்கிரிப்ட் ஆகும். அதை முதன்முதலாகத் திறப்பவருக்கு எல்லா விசைகளும் இடம்மாறியிருப்பதாகத் தோன்றும். உண்மையில் மாறியிருப்பது விசைகளின் இடம் மட்டுமன்று. எழுத்தைப் பற்றிய கருத்தே மாறியிருக்கிறது.

தட்டச்சுப் பொறி எழுத்தின் வடிவத்தைப் பார்க்கிறது. கொம்பு எழுத்துக்கு இடப்புறம் நிற்பதால் அதை முதலில் அடிக்கிறோம். ‘பு’, ‘ழு’, ‘நு’ ஆகியவை வெவ்வேறு வடிவம் பெறுவதால் அவற்றுக்குத் தனித்தனி விசைகள் உள்ளன. இன்ஸ்கிரிப்ட் ஒலியின் வரிசையைப் பார்க்கிறது. முதலில் மெய்யெழுத்துக்குரிய விசை, அதன் பின்னர் உயிர்க்குறி என்பதே அதன் ஒரே விதி. உகரத்துக்கு g என்னும் ஒரு விசை போதும். அது எந்த எழுத்தோடும் சேர்ந்து உரிய வடிவத்தைத் தானே பெறும்.

விசைகளின் பங்கீடும் எளிதானதே. உயிர்கள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். ஷிப்ட் இன்றி அடித்தால் உயிர்க்குறியும், ஷிப்டுடன் அடித்தால் தனி உயிரும் வரும். f இகரக் குறி எனில் ஷிப்டுடன் அதுவே ‘இ’. புள்ளி d விசையில் உள்ளது. ஷிப்டுடன் அது ‘அ’. நடு வரிசையில் h முதல் ப, ர, க, த, ச, ட எனத் தொடரும். ம, ந, வ ஆகியவை கீழ் வரிசையில் c, v, b விசைகளிலும், ல அதையடுத்து n விசையிலும் அமைந்துள்ளன. ண, ன, ழ, ள ஆகிய நான்கும் முறையே இவற்றின் ஷிப்ட் நிலைகள். முஸ்லிம் பெயர்களில் மிகுதியாக வரும் ஹ, ஜ, ஸ ஆகியவை முறையே u, p, m விசைகளில் ஷிப்ட் இன்றியே கிடைக்கும். y, i, o ஆகிய விசைகளில் தமிழெழுத்து இல்லை. இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே ஒழுங்கு வகுக்கப்பட்டதால், இந்தி முதலிய மொழிகளின் மெலிந்த ஒலிகளுக்குரிய இடங்கள் தமிழில் வெறுமையாக நிற்கின்றன. விசை பழுதென்று எண்ண வேண்டியதில்லை.

‘நுவரெலியா’ என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். முதல் வரி பாமினியில் அடிக்கும் விசைகள், இரண்டாவது இன்ஸ்கிரிப்டில்:

```
Etnuypah
vgbjznf/e
```

பாமினியில் n என்னும் கொம்பு, u என்னும் ரகரத்துக்கு முன்னே வருகிறது. இன்ஸ்கிரிப்டில் j என்னும் ரகரத்துக்குப் பின்னரே z என்னும் கொம்பு வரவேண்டும். பழக்கத்தின் காரணமாகக் கொம்பை முந்தி அடித்தால், அது முன்னுள்ள வகரத்தைப் பற்றிக்கொண்டு ‘நுவெரலியா’ என்றாகிவிடும். சொல்லின் முதலெழுத்திலேயே இப்பிழை நேர்ந்தால், கொம்பின் அருகே புள்ளிகளாலான ஒரு வட்டம் தோன்றும். பற்றிக்கொள்ள மெய் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

இவ்விரண்டு பிழைகளும் கண்ணுக்குத் தெரிவதால் திருத்திக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத பிழையே ஆபத்தானது. ‘மௌலவி’ என்பதைத் தட்டச்சுப் பொறியில் கொம்பு, ம, ள, ல, வி என அடிப்பது வழக்கம். அங்கே ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் ஒன்றே. இன்ஸ்கிரிப்டில் ஔகாரக் குறிக்கு q என்னும் தனி விசை உண்டு:

```
cqnbf
czNnbf
```

முதல் வரி சரியானது. இரண்டாவதில் எகரக் குறியும் ளகரமும் தனித்தனியே அடிக்கப்பட்டுள்ளன. திரையிலும் தாளிலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும். கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். வாக்காளர் பட்டியலிலோ பாடசாலைப் பதிவேட்டிலோ ஒருவர் பெயர் ஒரு விதமாகப் பதியப்பட்டு, மறு விதமாகத் தேடப்பட்டால், அப்பெயர் இல்லை என்றே விடை வரும். ‘கௌரி’, ‘பௌசுல்’ முதலிய பெயர்களுக்கும் இது பொருந்தும்.

ஐயம் எழுந்தால் சோதிக்க ஒரு வழியுண்டு. ‘மௌ’ என்பதன் பின்னே சுட்டியை நிறுத்திப் பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்துங்கள். ‘ம’ எஞ்சினால் பதிவு சரியானது. ‘மெ’ எஞ்சினால், அங்கே ளகரம் ஒளிந்திருந்தது என்று பொருள். பழைய கோப்புகளில் உள்ள பெயர்ப் பட்டியல்களைப் புதிய முறைக்கு மாற்றுவோர், முதலில் ஔகாரப் பெயர்களை இவ்வாறு சரிபார்த்துக்கொள்வது நலம்.