1729-இன் பொய்ச்சாட்சிகள்: பகா எண் சோதனையில் பிழையின் நிகழ்தகவு யாரைச் சார்ந்தது?

ஓர் எண் பகா எண்ணா, பகு எண்ணா என்பதில் நிகழ்தகவுக்கு இடமில்லை. எண் எதுவோ அதுவாகவே என்றும் இருக்கிறது. ஆயினும் கணினிகள் பெரிய பகா எண்களைத் தேடும்போது பெரிதும் நம்பியிருக்கும் மில்லர்-ராபின் சோதனை, ஒவ்வொரு சுற்றிலும் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாத பிழைக்கு இடம் தருவதாகவும், சுற்றுகள் கூடக்கூட அப்பிழை பெருக்கல் முறையில் சுருங்குவதாகவும் பாடநூல்கள் கூறுகின்றன. நிகழ்தகவு எண்ணினுடையது அல்ல என்றால், அந்த நான்கில் ஒரு பங்கு எதனுடையது என்ற கேள்வி எழுகிறது. அது சோதிப்பவர் அடிமானத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையினுடையது என்பதும், அம்முறை உண்மையான சமவாய்ப்பு முறையாக இல்லாதபோது சுற்றுகளின் எண்ணிக்கைக்குப் பொருளே இல்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம். கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729 என்ற எண்ணே இந்த வாதத்துக்குப் பொருத்தமான சான்றாக அமைகிறது.

சோதனையின் வேர் 1640-இல் ஃபெர்மா கூறிய தேற்றத்தில் இருக்கிறது. n பகா எண்ணாக இருந்து, a அதனால் வகுபடாத எண்ணாக இருந்தால், a-ஐ n−1 என்ற படிக்கு உயர்த்தி n-ஆல் வகுக்கும்போது மீதி 1 ஆகும். எனவே ஏதேனும் ஓர் a-க்கு மீதி வேறாக வந்தால் n பகு எண் என்பது ஐயமற உறுதியாகிறது. அப்படிப்பட்ட a, n-இன் பகுதன்மைக்குச் 'சாட்சி' எனப்படும். n பகு எண்ணாக இருந்தும் மீதி 1 என்றே வருமானால் அந்த a பொய்ச்சாட்சி. இங்கே சாட்சி காரணிகளைக் காட்ட வேண்டியதில்லை. n பகா எண்ணாக இருக்க முடியாது என்பதை மட்டும் நிறுவினால் போதும். ஆனால் இச்சோதனைக்குப் பிடிபடாத பகு எண்கள் உண்டு. அவற்றோடு பொதுக் காரணி இல்லாத, அதாவது சார்பகாத, அடிமானங்கள் அனைத்தும் பொய்யே சொல்லும். 1910-இல் இவற்றை ஆராய்ந்த கார்மைக்கேலின் பெயரால் அவை அழைக்கப்படுகின்றன. அவற்றுள் சிறியது 561, அடுத்தது 1105, மூன்றாவது 1729.

1729 = 7 × 13 × 19. இம்மூன்று காரணிகளிலிருந்தும் ஒன்றைக் கழித்தால் வரும் 6, 12, 18 ஆகியவை மூன்றும் 1728-ஐ மீதியின்றி வகுக்கின்றன. அதனால்தான் ஃபெர்மா சோதனை இங்கே ஏமாறுகிறது. 1 முதல் 1728 வரையுள்ள அடிமானங்களுள் 1296 எண்கள் 1729-உடன் சார்பகா எண்கள். அந்த 1296-உம் பொய்ச்சாட்சிகள். நான்கில் மூன்று பங்கு பொய் என்றால், சமவாய்ப்பில் பத்து அடிமானங்களை எடுத்துச் சோதித்தாலும் ஏமாறும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருக்கிறது. பிழை சுருங்கத்தான் செய்கிறது, ஆனால் மிக மெதுவாக. காரணிகள் மிகப் பெரியவையாக உள்ள கார்மைக்கேல் எண்ணில் அதுவும் நடக்காது. அங்கே ஏறத்தாழ எல்லா அடிமானங்களுமே பொய்ச்சாட்சிகள்.

இந்த ஓட்டையை அடைத்தவர்கள் கேரி மில்லரும் மைக்கேல் ராபினும். மில்லர் 1976-இல் வெளியிட்ட முறை, இன்றும் நிறுவப்படாத விரிவுபடுத்திய ரீமான் கருதுகோளைச் சார்ந்திருந்தது. ராபின் 1980-இல் அந்தச் சார்பை நீக்கி, அடிமானத்தைச் சமவாய்ப்பில் தேர்ந்தெடுக்கும் முறையாக அதை மாற்றினார். புதிதாகச் சேர்ந்த கருத்து ஒன்றே: பகா எண்ணை மட்டாகக் கொண்டால், வர்க்கப்படுத்தும்போது 1 தரும் எண்கள் 1, −1 என்ற இரண்டு மட்டுமே. எனவே n−1-ஐ ஒரேயடியாகப் படியாகக் கொள்ளாமல், அதிலுள்ள இரண்டுகளை எல்லாம் பிரித்தெடுத்து, எஞ்சிய ஒற்றைப்படை எண்ணைப் படியாகக் கொண்டு தொடங்கி, விடையை மீண்டும் மீண்டும் வர்க்கப்படுத்திக்கொண்டே போக வேண்டும். தொடக்கத்திலேயே 1 வரலாம். அல்லது கடைசி வர்க்கத்துக்கு முன் எங்கேனும் −1 வரலாம். இரண்டும் இல்லையென்றால் a சாட்சி. 1728 = 64 × 27 ஆதலால் இங்கே தொடங்கும் படி 27. அடிமானம் 2 எனக் கொண்டால், மட்டு 1729-இல் கணக்கு இவ்வாறு செல்கிறது:

```
2^27  ≡ 645
2^54  ≡ 1065
2^108 ≡ 1
```

1-க்கு முந்தைய மதிப்பு 1065. அது 1-உம் அல்ல, −1-உம் (அதாவது 1728-உம்) அல்ல. பகா எண்ணில் நிகழவே முடியாத ஒன்று நிகழ்ந்துவிட்டதால் 2 சாட்சியாகிறது. இந்தச் சாட்சி இன்னும் ஒரு படி மேலே போய்க் காரணிகளையும் காட்டிக்கொடுக்கிறது: 1064-க்கும் 1729-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 133, 1066-க்கும் 1729-க்கும் 13; 133 × 13 = 1729.

இனி மறுபக்கம். 1729-ஐ இரண்டு கனங்களின் கூடுதலாக இரு வழிகளில் எழுதலாம் என்று புட்னி மருத்துவமனையில் இருந்த இராமானுஜன் ஹார்டியிடம் கூறியது தமிழ் வாசகர் அனைவரும் அறிந்ததே: 1³ + 12³, 9³ + 10³. அதிகம் கவனிக்கப்படாதது, அந்தக் கூடுதல்களில் இடம்பெறும் 1, 12, 9, 10 என்ற நான்கு எண்களும் மில்லர்-ராபின் சோதனையிலும் 1729-க்குப் பொய்ச்சாட்சிகள் என்பதாகும். 1 எல்லா எண்ணுக்கும் பொய்யே சொல்லும், அதை விட்டுவிடலாம். 12³ என்பது 1729-க்கு ஒன்று குறைவு, அதாவது மட்டு 1729-இல் −1. அதை ஒன்பதாம் படிக்கு உயர்த்தினால் 12-இன் 27-ஆம் படி −1 ஆகிறது, சோதனை ஏமாறுகிறது. 9-இன் ஒன்பதாம் படியே 1 ஆகிவிடுவதால் அதன் 27-ஆம் படியும் 1. 10³ என்பது −9³-க்கு ஒருங்கிசைவாக இருப்பதால் 10-இன் 27-ஆம் படி −1. இராமானுஜனின் கண்ணுக்குப் பட்ட கன உறவே இங்கே பொய்க்கும் காரணமாக நிற்கிறது. எண்ணின் அமைப்பில் ஓர் ஒழுங்கு இருந்தால், அந்த ஒழுங்கோடு உறவுடைய அடிமானங்கள் அதற்குத் துணைபோகின்றன.

இத்தகைய பொய்ச்சாட்சிகள் எத்தனை என்பதை எண்ணிப் பார்க்கவே முடியும். 1729-உடன் சார்பகாத ஓர் அடிமானத்தின் 27-ஆம் படியை 7, 13, 19 ஆகிய மூன்றாலும் தனித்தனியே வகுத்துப் பார்த்தால், 7-இல் மீதி சரிபாதி அடிமானங்களுக்கு 1, சரிபாதிக்கு −1, 19-இலும் அவ்வாறே, 13-இல் மட்டும் 1, −1, 5, 8 என்ற நான்கு மீதிகள் சம பங்காக வருகின்றன. பொய்ச்சாட்சியாக வேண்டுமானால் மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் 1 வர வேண்டும், அல்லது ஒரே நேரத்தில் −1 வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு ½ × ½ × ¼, அதாவது பதினாறில் ஒன்று; இரண்டும் சேர்ந்து எட்டில் ஒன்று. ஒருமுறை வர்க்கப்படுத்தியதும் 7-இல் மீதி 1 ஆகிவிடுவதால், பின்னால் −1-இல் ஒன்றுசேர வழியில்லை. ஆகவே 1296-இல் எட்டில் ஒரு பங்கான 162 அடிமானங்களே பொய்ச்சாட்சிகள். 1728-இல் இது நூற்றுக்கு ஒன்பதரைக்கும் குறைவு. சோதனையின் வலிமை இங்கேதான் இருக்கிறது: பகு எண்ணின் காரணிகள் தனித்தனிக் கடிகாரங்களைப் போல ஓடுகின்றன, பொய் சொல்ல வேண்டுமானால் அவை எல்லாம் ஒரே கணத்தில் மணியடிக்க வேண்டும். எந்த ஒற்றைப்படைப் பகு எண்ணுக்கும் பொய்ச்சாட்சிகள் நான்கில் ஒரு பங்கைத் தாண்டா என்பது பொதுத் தேற்றம். 9 என்ற எண்ணில் எட்டு அடிமானங்களுள் 1, 8 என்ற இரண்டு பொய்ச்சாட்சிகள் இருப்பதால், அந்த வரம்பை இனியும் குறைக்க இயலாது.

1729-ஐச் சமவாய்ப்பு அடிமானத்தால் ஒருமுறை சோதித்தால் ஏமாறும் வாய்ப்பு 3/32. இரண்டு சுற்றில் அது 9/1024, அதாவது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழ். ஐந்து சுற்றில் ஏறத்தாழ 1,38,000-இல் ஒன்று. எண்ணைப் பற்றி எதுவும் தெரியாதபோது நான்கில் ஒன்று என்ற வரம்பையே கொள்ள வேண்டியிருப்பதால், ஐந்து சுற்றுக்கு 1024-இல் ஒன்று, பத்துச் சுற்றுக்குப் பத்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்டதில் ஒன்று என்ற உறுதி கிடைக்கிறது. இப்பெருக்கல் செல்லுபடியாவது, சுற்றுகள் ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளாக இருக்கும்போது மட்டுமே. ஒருவர் எளிமை கருதி 10, 100, 1000 என்று பத்தின் படிகளை அடிமானங்களாக எடுத்துக்கொண்டால், 10-இன் 27-ஆம் படி −1 ஆதலால் அதன் எல்லாப் படிகளும் 1 அல்லது −1 தருகின்றன. நூறு சுற்று ஓடினாலும் 1729 பகா எண் என்றே சோதனை சொல்லிக்கொண்டிருக்கும். கணக்குப் புத்தகத்தில் பிழை நான்கின் நூறாம் படியில் ஒன்று என்று எழுதியிருக்கும். உண்மையில் நடந்தது ஒரே சுற்று.

நெல் கொள்முதலில் மூட்டையைக் குத்தூசியால் குத்திப் பார்ப்பவர் செய்வதும் இதற்கு ஒப்பானது. குத்தும் இடம் முன்கூட்டியே தெரிந்திருந்தால், பதர் கலந்தவர் அந்த இடத்தில் மட்டும் நல்ல நெல்லை வைத்துவிடுவார். அங்கேயே பத்துமுறை குத்தினாலும் பதர் வெளியே வராது.

பிழையின் அளவை வாசிப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. பத்துச் சுற்றுத் தேறிய எண் பகு எண்ணாக இருக்க வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று சொல்வது தவறு. தேற்றம் சொல்வது, பகு எண்ணாக இருந்தால் தேற வாய்ப்பு அவ்வளவே என்பது. 1024 பிட் நீளமுள்ள ஒற்றைப்படை எண்களில் ஏறத்தாழ 355-க்கு ஒன்றுதான் பகா எண். சமவாய்ப்பில் எடுத்த ஒவ்வொரு பகா எண்ணுக்கும் 354 பகு எண்கள் சோதனைக்கு வருவதால், வரம்பை மட்டும் நம்பிக் கணக்கிட்டால், தேறியவற்றுள் பகு எண் இருக்கும் வாய்ப்பு மூவாயிரத்தில் ஒன்று வரை போகலாம். நடைமுறையில் நிலைமை இதைவிட மிக நன்றாக இருக்கிறது, ஏனெனில் பெரும்பாலான பெரிய பகு எண்களுக்குப் பொய்ச்சாட்சிகள் மிக மிக அரிது. 1993-இல் டாம்கார்டு, லாண்ட்ராக், பொமரன்ஸ் மூவரும் அதை நிறுவினர். ஆனால் அந்த ஆறுதல், சோதிக்கப்படும் எண்ணும் சமவாய்ப்பில் எடுக்கப்பட்டபோதுதான் பொருந்தும். பிறர் கொண்டுவந்து கொடுக்கும் எண்ணுக்கு அது பொருந்தாது.

நிலையான அடிமானங்கள் எங்குமே உதவாது என்பதல்ல. 2-இன் 64-ஆம் படிக்குட்பட்ட எண்களுக்கு, 2 முதல் 37 வரையுள்ள பன்னிரண்டு பகா அடிமானங்களே பிழையின்றித் தீர்ப்பளிக்கப் போதும் என்பது சரிபார்க்கப்பட்டிருக்கிறது. 1729-க்கு 2 ஒன்றே போதுமாயிற்று. 2002 ஆகஸ்டில் ஐஐடி கான்பூரின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் சமவாய்ப்பே தேவையில்லாத, எந்தக் கருதுகோளையும் சாராத பல்லுறுப்புக்கோவை நேர முறையையும் தந்துவிட்டனர்; ஆனால் பெரிய எண்களில் அது மில்லர்-ராபினைவிட மிகவும் மெதுவானது என்பதால் அன்றாடப் பயன்பாட்டில் பழைய முறையே நிற்கிறது. அந்தப் பெரிய எண்களில் நிலையான பட்டியல் என்னவாகும் என்பதை 1995-இல் ஆர்னோ காட்டினார். அவர் கட்டமைத்த 397 இலக்கக் கார்மைக்கேல் எண், 307-க்குக் குறைந்த எல்லாப் பகா அடிமானங்களுக்கும் மில்லர்-ராபின் சோதனையில் தேறியது. அதாவது, அந்தப் பட்டியலிலுள்ள 62 அடிமானங்களும் பொய்ச்சாட்சிகள். அதே எண்ணுக்குச் சமவாய்ப்பில் எடுக்கும் ஒரே ஓர் அடிமானம், குறைந்தது நான்கில் மூன்று பங்கு வாய்ப்போடு அதைப் பகு எண் என்று காட்டிவிடும்.