அப்பாவின் ரிட்டையர்மென்ட் பணம்: மாசாமாசம் கைக்கு வர ஒரு 'பத்திர ஏணி'!

திருவாடானையில் ஓர் ஆசிரியர் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டது போக, கையில் 12 லட்சம் மிச்சம். மொத்தத்தையும் ஒரே டெபாசிட்டில் அஞ்சு வருஷத்துக்குப் போட்டால் என்ன ஆகும்? நடுவில் கண் ஆபரேஷன் வந்தால் டெபாசிட்டை உடைக்கணும், வட்டி குறையும். முதிரும் நேரத்தில் வட்டி விகிதம் சரிந்திருந்தால், மொத்தப் பணமும் குறைந்த வட்டிக்குப் போகும்.

இதற்குத்தான் பத்திர ஏணி. 12 லட்சத்தை ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு 2 லட்சத்துக்கும் ஓர் அரசுப் பத்திரம். முதலாவது ஒரு வருஷத்தில் முதிரும், அடுத்தது ரெண்டு வருஷத்தில்... ஆறாவது ஆறு வருஷத்தில்.

மாதத்தை எப்படிப் பிடிப்பது?

அரசுப் பத்திரங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி தரும். எந்த மாதம் என்பதை முதிர்வுத் தேதியே சொல்லிவிடும். உதாரணம், `7.18% GS 2033`. இது 2033 ஆகஸ்ட் 14-ல் முதிர்கிறது; அதனால் வட்டி பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும்.

அப்போ, ஜனவரி-ஜூலை, பிப்ரவரி-ஆகஸ்ட் என ஆறு ஜோடி மாதங்களுக்கும் ஆளுக்கொரு பத்திரம் எடுத்தால், 12 மாசமும் வட்டி வரும். ஒவ்வொன்றும் 7% என்று வைத்தால், மாசம் 7,000 ரூபாய். வருஷத்துக்கு ஒரு முறை 2 லட்சம் அசலும் திரும்பும். செலவு இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் புதிதாக ஆறு வருஷப் பத்திரம் வாங்கி, ஏணியின் உச்சியில் வைக்கலாம். வட்டி சரிந்தாலும் அந்த வருஷம் பாதிக்கப்படுவது ஆறில் ஒரு பங்குதான்.

எங்கே வாங்குவது?

ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தொடங்கிய ரீடெய்ல் டைரக்ட் தளத்தில். கணக்குத் திறக்கக் கட்டணம் இல்லை. 10,000 ரூபாயிலிருந்து வாங்கலாம். ஏலத்தில் வரும் பத்திரங்கள் பெரும்பாலும் நீண்ட காலத்தவை. அதனால் கீழ்ப்படிகளுக்கு, முதிர்வு நெருங்கிய பழைய பத்திரங்களை அதே தளத்தின் சந்தைப் பிரிவில் தேடணும்.

எங்கே சறுக்கும்?

பெயரில் 8% இருக்கே என்று பாய்ந்துவிடாதீர்கள். 100 ரூபாய் பத்திரத்தை 104-க்கு வாங்கினால், முதிரும்போது கிடைப்பது 100 மட்டுமே. அந்த நாலு ரூபாயையும் கழித்துக் கணக்கிடும் YTM என்ற எண்ணைத்தான் பார்க்கணும்.

நடுவில் விற்பதும் எளிதல்ல. சின்னத் தொகைக்கு ஆள் கிடைக்காமல் போகலாம், வட்டி ஏறியிருந்தால் விலையும் குறையும். அதனால் ஆறு மாதச் செலவுக்கான பணம் சேமிப்புக் கணக்கில் தனியாக இருக்கட்டும். வட்டிக்கு டி.டி.எஸ் பிடிக்க மாட்டார்கள். ஆனால் அது வருமானத்தில் சேரும், கணக்கில் காட்டணும்.

செயலிகளில் 11, 12% என்று மின்னும் தனியார் நிறுவனப் பத்திரங்களை இந்த ஏணியில் சேர்க்க வேண்டாம். நிறுவனம் தடுமாறினால் அந்தப் படியே இருக்காது. அந்த மாச மருந்துச் செலவுக்கு அப்பா யாரிடம் கேட்பார்?

இந்த வாரக் கடைசியில் அப்பாவோடு உட்கார்ந்து, எந்த மாசம் என்ன செலவு என்று முதலில் எழுதுங்கள். பத்திரத்தை அப்புறம் தேடலாம்.