பத்து வில்லைகளில் ஒரு கோளம்

கேரளக் கணிதம் பற்றிய சார்லஸ் விஷ்ஷின் 1834-ஆம் ஆண்டுக் கட்டுரை ஐரோப்பாவில் எழுப்பிய கேள்விகளை இந்த வாரம் பார்ப்பதாக இருந்தது. அதற்கு முன் ‘யுக்திபாஷை’யின் ஒரு பகுதியைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனைமலைப் பக்கம் பிறந்து, பாலக்காட்டைக் கடந்து, பொன்னானியில் கடலைச் சேரும் நிளை நதியின் வட்டாரத்தில் ஜ்யேஷ்டதேவர் 1530-ஐ ஒட்டி மலையாளத்தில் எழுதிய நூல் அது. கோளத்தின் கனஅளவை அவர் விதியாகக் கொடுத்துவிட்டு நகரவில்லை. அது ஏன் அப்படி என்று நிறுவுகிறார். பாலக்காட்டுச் செர்ப்புளச்சேரியில் பிறந்த டி.ஏ. சரஸ்வதி அம்மா, இந்திய வடிவியல் பற்றி 1979-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய நிறுவல்களை முறையாக எடுத்துக்காட்டினார். அவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இல்லாதது பெரிய அநீதி. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவரால் அதைப் பயன்படுத்த முடியும். அது சரியா தவறா என்று சொல்ல, காரணம் தெரிந்தவரால்தான் முடியும்.

கூம்பிலிருந்து தொடங்குவோம். உயரத்தைப் பத்துச் சம பாகமாக்கிக் கிடைமட்டமாக அறுங்கள். உச்சியிலிருந்து எண்ணினால், மூன்றாவது வெட்டின் ஆரம் அடி ஆரத்தில் பத்தில் மூன்று. அதன் பரப்பு அடிப்பரப்பில் நூற்றில் ஒன்பது. ஒவ்வொரு துண்டையும் அதன் அடி வெட்டின் அகலமுள்ள தட்டையான வில்லையாகக் கொண்டால், பரப்புகள் 1, 4, 9 என்று 100 வரை வளரும். கூட்டினால் 385. அதே அடியும் உயரமும் உள்ள உருளைக்கு இந்தக் கணக்கில் 1000. எனவே கூம்பு உருளையில் 0.385-ஐ விடச் சிறியது. வில்லைகளை மேல் வெட்டின் அகலத்துக்குச் சுருக்கினால் அவை கூம்புக்குள் அடங்கிவிடும். அப்போது கூட்டுத்தொகை 285. ஆகவே கூம்பு 0.285-ஐ விடப் பெரியது.

இது தோராயம்தானே, நிறுவல் ஆகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பதில் அந்த இரண்டு எண்களின் வித்தியாசத்தில் இருக்கிறது. 385-க்கும் 285-க்கும் இடையே உள்ள 100, அடியில் உள்ள ஒரே ஒரு வில்லையின் அளவு. நூறு துண்டாக்கினால் வெளிக்கணக்கு 0.33835, உள்கணக்கு 0.32835, இடைவெளி நூற்றில் ஒன்று. துண்டுகளைக் கூட்டிக்கொண்டே போனால் அந்த இடைவெளியை எவ்வளவு வேண்டுமானாலும் சிறிதாக்கலாம். இரண்டுக்கும் நடுவே எப்போதும் தங்கும் எண் மூன்றில் ஒன்று மட்டுமே. πr²h/3-இல் இருக்கும் மூன்று, வர்க்கங்களைக் கூட்டியதால் வந்த மூன்று.

கோளத்துக்கு ஜ்யேஷ்டதேவர் இதே கூட்டலைப் பயன்படுத்துகிறார். கோளத்தை அறுத்தால் ஒவ்வொரு வெட்டும் ஒரு வட்டம். அந்த வெட்டு விட்டத்தை இரண்டு துண்டாகப் பிரிக்கிறது; அவை a, b என்றால், வெட்டின் ஆரத்தின் வர்க்கம் a × b. வட்டத்தின் நாண்கள் வெட்டிக்கொள்ளும் பாடத்தில் படித்த உண்மைதான் இது. இங்கேதான் அவருடைய நுட்பம். a + b எப்போதும் முழு விட்டம் d. ஆகவே ab என்பது d²-இலிருந்து a²-யும் b²-யும் கழித்ததில் பாதி. எல்லா வில்லைகளுக்கும் கூட்டினால், d² தருவது d³. a² தருவது, கூம்பில் பார்த்தபடி, அதில் மூன்றில் ஒரு பங்கு. b² அதே வரிசை, தலைகீழாக. அதுவும் மூன்றில் ஒரு பங்கு. மிஞ்சுவது மூன்றில் ஒன்று, அதில் பாதி d³/6. π-ஆல் பெருக்கி, d-க்கு 2r இட்டால் 4πr³/3. விட்டம் 10 என்று வைத்துப் பாருங்கள்: 9, 16, 21, 24, 25, 24, 21, 16, 9, 0. கூட்டுத்தொகை 165, வரவேண்டியது 166.67. பத்தே வில்லைகளில் நூற்றுக்கு ஒன்று மட்டும் குறைகிறது.

ஆர்க்கிமிடீஸ் இந்த விடைகளைப் பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டார் என்பது உண்மை. அதனால் நிளைக்கரையின் வழி சிறுமைப்படாது, அது வேறு வழி. எனக்கு உறுத்துவது ஆரியபட்டர். 499-இல் வர்க்கங்களின் கூட்டலுக்குச் சரியான விதி தந்தவர் அவரே. ஆனால் கோளத்துக்கு, வட்டப் பரப்பை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கச் சொன்னார். விட்டம் 10 என்றால் அது 696 தரும். சரியான விடை 523.6. சாவியைக் கையில் வைத்திருந்த மாமேதைக்கும், காரணம் தேடாத இடத்தில் மூன்றில் ஒரு பங்கு மிகையாகிவிட்டது.

அறுப்பதற்கும் எல்லை உண்டு. வில்லைகளின் செங்குத்தான விளிம்புகளைக் கூட்டி மேற்பரப்பைக் காண முயன்றால், கோளத்துக்கு 4πr² வராது. π²r² வரும், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கனஅளவில் பிழை ஒற்றை வில்லைக்குள் அடங்கி, வில்லை மெலிய மெலிய மறைகிறது. விளிம்பிலோ, சரிவை நேராக்கும் பிழை எவ்வளவு மெல்லியதாக அறுத்தாலும் அதே விகிதத்தில் நிற்கிறது. ஆகவே அறுப்பவர் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியது, விட்டுப்போன பகுதி உண்மையிலேயே தேய்கிறதா என்பதையே. மேற்பரப்புக்கு யுக்திபாஷை சரிவோடு சேர்த்து அளக்கிறது. அதையும், காத்திருக்கும் விஷ்ஷையும் அடுத்த வாரம் பார்ப்போம்.