நீண்டகால விளம்பர ஆய்வில் எஞ்சியவை ஒருசார்பு

எஞ்சியவை ஒருசார்பு என்பது, ஒரு தேர்வைத் தாண்டி நிலைத்தவற்றை மட்டும் பார்த்து, தேர்வில் விழுந்தவற்றைக் கணக்கில் கொள்ளாமல் முடிவுக்கு வருவதால் உண்டாகும் புள்ளியியல் பிழையாகும். விளம்பரத் துறையில் இப்பிழை, நெடுநாள் ஓடும் விளம்பரம் பணம் ஈட்டுகிறது என்ற ஊகத்தை ஒட்டியே பெரும்பாலும் நுழைகிறது. நட்டம் தரும் விளம்பரத்துக்கு யாரும் மாதக்கணக்கில் செலவு செய்யமாட்டார்கள் என்பதால் அந்த ஊகம் ஓரளவு சரியானதே. ஆனால் நெடுநாள் ஓடியவற்றில் பொதுவாகக் காணப்படும் கூறுகளே அவற்றை ஓடவைத்தன என்ற அடுத்த படிக்கு அந்த ஊகம் இடம் தருவதில்லை, ஏனெனில் அதே கூறுகள் ஒரே வாரத்தில் நிறுத்தப்பட்ட விளம்பரங்களிலும் அதே அளவுக்கு இருந்திருக்கலாம்.

இந்தப் பழக்கம் இணையத்துக்கு முந்தியது. அமெரிக்க அஞ்சல் விளம்பரத்தில், நடப்பில் வென்றுகொண்டிருக்கும் கடிதம் ‘கண்ட்ரோல்’ எனப்படும். புதிய கடிதம் முகவரிப் பட்டியலின் ஒரு பகுதிக்கு மட்டும் அனுப்பப்பட்டு, கண்ட்ரோலைவிடக் கூடுதல் சந்தாக்களைக் கொண்டுவரவில்லை என்றால் கைவிடப்படும். மார்ட்டின் கான்ராய் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழுக்கு எழுதிய சந்தாக் கடிதம் 1975 முதல் ஏறத்தாழ 28 ஆண்டுகள் கண்ட்ரோலாக நீடித்ததால், விளம்பர எழுத்துப் பயிற்சி நூல்களில் அது தவறாமல் இடம்பெறுகிறது; அதனோடு மோதித் தோற்ற கடிதங்களை அந்நூல்களில் காண முடிவதில்லை. ஒரே கல்லூரியில் படித்த இருவரில் ஒருவர் நிறுவனத்தின் தலைவராகவும் மற்றவர் அதே நிறுவனத்தில் ஒரு துறையின் மேலாளராகவும் இருப்பதைக் காட்டி, வேறுபாட்டுக்கு இதழ் வாசிப்பு தரும் அறிவைக் காரணமாக முன்வைப்பது அக்கடிதத்தின் உத்தி. இதழை வாசித்தும் மேலே வராதவர்கள் எத்தனை பேர் என்று அக்கடிதம் கேட்பதில்லை என்பதால், எஞ்சியவை ஒருசார்புக்கு எடுத்துக்காட்டாகும் கடிதம் அதே ஒருசார்பைத் தன் வாதமாகவும் கொண்டிருக்கிறது எனலாம்.

இன்றைய ஆய்வாளர் பெரும்பாலும் மெட்டா நிறுவனத்தின் ‘ஆட் லைப்ரரி’யிலிருந்து தொடங்குகிறார். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் தளங்களில் ஓடும் விளம்பரங்களை அவை தொடங்கிய நாளுடன் காட்டும் இந்தப் பொதுக் காப்பகத்தில், போட்டி நிறுவனத்தின் பெயரைத் தேடி, 60 அல்லது 90 நாள் கடந்தவற்றைச் சேகரிப்பது பரவலான வழக்கம். இங்கே ஒருசார்பு இரண்டு அடுக்குகளாக அமைகிறது. 90 நாள் என்ற வரம்பு ஆய்வாளர் அறிந்தே வைத்தது. அதற்கு முன்பே, ஒரு குறிப்பிட்ட நாளில் ஓடுபவற்றை மட்டும் பார்ப்பதாலேயே மற்றொரு வடிகட்டல் நிகழ்ந்துவிடுகிறது. இதைக் கால நீள ஒருசார்பு என்பர். ஒரு நிறுவனம் நாள்தோறும் 10 விளம்பரங்களைத் தொடங்குகிறது என்றும், அவற்றில் 9 மூன்று நாளிலும் 1 தொண்ணூறு நாளிலும் நிற்கின்றன என்றும் கொள்வோம். இந்நிலை சீராகத் தொடர்ந்தால், எந்த நாளில் பார்த்தாலும் குறுகிய ஆயுள் கொண்டவை 27, நீண்ட ஆயுள் கொண்டவை 90 என 117 விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். தொடங்கப்பட்டவற்றில் பத்தில் ஒன்றாக மட்டும் இருந்தவை, பார்வையில் படுபவற்றில் 77 விழுக்காடாகத் தெரிகின்றன. வரம்பு எதையும் வைக்காமல் ‘எல்லாவற்றையும்’ பார்த்ததாகச் சொல்லும் ஆய்வும் இப்படிச் சாய்ந்தே தொடங்குகிறது.

இதனால் விளையும் தவறான முடிவை மற்றொரு கற்பனைக் கணக்கு காட்டும். ஒரு துறையில் ஆறு மாதத்தில் 1,000 விளம்பரங்கள் தொடங்கப்பட்டன. அவற்றில் 700 வாடிக்கையாளர் தம் அனுபவத்தைச் சொல்லும் காணொளிகள், 300 விலையை முன்னிறுத்தும் படங்கள். 90 நாளைக் கடந்தவை முதல் வகையில் 14, இரண்டாம் வகையில் 12 என்றால், நீடித்தவற்றை மட்டும் கையில் வைத்திருப்பவர் வாடிக்கையாளர் காணொளியே மேலானது என்று எழுதுவார். தொடங்கிய எண்ணிக்கையைப் பகுதியில் வைத்துப் பார்த்தால், காணொளிகளில் 2 விழுக்காடும் விலைப் படங்களில் 4 விழுக்காடும் நிலைத்திருப்பது தெரியும். முதல் எண்ணிக்கை உண்மையில் அளந்தது அத்துறையினர் எதை அதிகமாகத் தயாரிக்கிறார்கள் என்பதைத்தான். நீடித்தவற்றின் பட்டியலை எவ்வளவு பெரிதாக்கினாலும் இக்குறை நீங்காது, ஏனெனில் பகுதி எண் அந்தப் பட்டியலுக்குள் இல்லவே இல்லை.

ஆகவே மாற்று முறையின் அடிப்படை, விளம்பரங்களை அவை நிலைத்த காலத்தால் அல்லாமல் தொடங்கிய காலத்தால் தேர்வதாகும். ஒரு குறிப்பிட்ட காலத்தில் தொடங்கிய அனைத்தையும் ஒரே தொகுதியாக வைத்து, ஒவ்வொன்றும் என்று நின்றது என்பதைப் பின்தொடர வேண்டும். சொந்தக் கணக்கின் விளம்பரங்களுக்கு இது எளிது. ஆனால் நிறுத்தியவற்றை மட்டுமன்றி, நீக்கியவற்றையும் காப்பகத்தில் ஒதுக்கியவற்றையும் சேர்த்து எடுக்கிறோமா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறருடைய விளம்பரங்களைப் பொறுத்தவரை நாட்டுக்கு நாடு நிலை வேறுபடுகிறது. இந்தியாவில் நின்றுபோன வணிக விளம்பரத்தை ஆட் லைப்ரரி காட்டுவதில்லை. அரசியல், சமூகப் பிரச்சினை விளம்பரங்கள் மட்டுமே ஏழு ஆண்டுகள் வைக்கப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 39ஆம் பிரிவு, மிகப் பெரிய தளங்கள் எல்லா விளம்பரங்களையும் கடைசியாகக் காட்டிய நாளிலிருந்து ஓராண்டு வரை பொதுக் காப்பகத்தில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதனால் ஜெர்மனியில் ஒரு நிறுவனம் வெளியிட்டு இரண்டே நாளில் நிறுத்திய விளம்பரத்தையும் பின்வருவது போன்ற கோரிக்கையால் பெறலாம்:

```
GET /ads_archive
  ?ad_reached_countries=['DE']
  &ad_type=ALL
  &ad_active_status=ALL
  &search_page_ids=[PAGE_ID]
  &ad_delivery_date_min=2025-03-01
  &fields=id,ad_delivery_start_time,
   ad_delivery_stop_time,eu_total_reach
```

இதில் ad_active_status என்பதன் மதிப்பு ALL ஆக இருப்பதே முக்கியம். அதை விட்டுவிட்டால் ஓடுபவை மட்டுமே கிடைக்கும். ad_delivery_date_min தரும் பட்டியலில், குறித்த நாளுக்கு முன்பே தொடங்கி அதற்குப் பின்னும் ஓடிய விளம்பரங்களும் கலந்திருக்கும். அவை அந்நாள் வரை நிலைத்ததால் மட்டுமே பட்டியலில் இடம்பெற்றவை என்பதால், தொடங்கிய நாளைப் பார்த்து அவற்றை நீக்காவிட்டால் விரட்டிய ஒருசார்பு பின்வாசல் வழியாகத் திரும்பிவிடும்.

நின்றுபோனவற்றைக் காப்பகம் காட்டாத நாடுகளில், ஓடுபவற்றின் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்வதே வழி. வாரம் ஒருமுறை மட்டும் பதிவு செய்தால், மூன்று நாள் மட்டும் ஓடும் விளம்பரம் கண்ணில் படும் வாய்ப்பு ஏழில் மூன்றுதான். ஏழு நாளோ அதற்கு மேலோ ஓடியது தவறாமல் படும். விளம்பரங்களில் பெரும்பகுதி முதல் நாள்களிலேயே நிறுத்தப்படுவதால், பதிவை நாள்தோறும் செய்வது நல்லது. இடைவெளி தவிர்க்க முடியாததானால், ஒவ்வொரு விளம்பரமும் முதலில் கண்ணில் பட்ட நாளிலிருந்து மட்டுமே கணக்கில் சேர்க்கப்பட வேண்டும். தொடங்கி ஐந்தாம் நாளில் கண்டெடுத்த விளம்பரம், முதல் ஐந்து நாளில் நிற்கும் ஆபத்தை ‘வென்றதாக’ எண்ணப்படக் கூடாது. அந்த ஆபத்தில் தோற்றிருந்தால் அது பட்டியலுக்கே வந்திராது.

ஆய்வு முடியும் நாளில் சில விளம்பரங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றின் ஆயுள் குறைந்தது இவ்வளவு என்று தெரியுமே தவிர முழு ஆயுள் தெரியாது. இத்தகைய முற்றுப்பெறாத தரவைக் கையாள எட்வர்ட் காப்லானும் பால் மையரும் 1958இல் வெளியிட்ட முறை, மருத்துவ ஆய்வுக்காகப் பெயர்பெற்றது எனினும் இங்கும் அப்படியே பொருந்துகிறது. 100 விளம்பரங்களில் முதல் வாரத்தில் 40 நின்றால் 60 விழுக்காடு நிலைத்தன. இரண்டாம் வாரத்தில் எஞ்சிய 60இல் 15 நின்றால், அவ்வாரத்தைக் கடக்கும் வாய்ப்பு 75 விழுக்காடு. இரண்டையும் பெருக்கினால் 45 விழுக்காடு. மீதமுள்ள 45இல் 10 விளம்பரங்கள் தாமதமாகத் தொடங்கியவை என்பதால், அவற்றின் மூன்றாம் வாரத்தைக் காணும் முன்பே ஆய்வு முடிந்துவிடுகிறது. எனவே மூன்றாம் வாரக் கணக்கில் 35 மட்டுமே நிற்கும். அவற்றில் 7 நின்றால் கடக்கும் வாய்ப்பு 80 விழுக்காடு, மொத்தத்தில் 36 விழுக்காடு. முடிவு தெரியாத அந்தப் பத்தையும் நின்றவையாகக் கொண்டால் 28 என்றும், அடியோடு விலக்கினால் 31 என்றும், நிலைத்தவையாகக் கொண்டால் 38 என்றும் விடை மாறும். இதே கணக்கை வாடிக்கையாளர் காணொளிக்கும் விலைப் படத்துக்கும் தனித்தனியாகப் போட்டு, இரு வளைகோடுகளையும் ஒப்பிடுவதே ஆய்வின் மையப் பகுதி.

நின்றதெல்லாம் தோற்றது ஆகாது என்பது இம்முறையில் அடிக்கடி மறக்கப்படுகிறது. பண்டிகைத் தள்ளுபடி முடிந்ததாலும், சரக்கு தீர்ந்ததாலும், தளத்தின் விதிக்கு முரணானதாகத் தடுக்கப்பட்டதாலும் விளம்பரம் நிற்கலாம். நன்றாக ஓடிய படத்தையே நகலெடுத்துப் புதிய எண்ணில் மீண்டும் தொடங்கும் வழக்கமும் உண்டு; எண்ணை மட்டும் பார்த்தால் வெற்றிபெற்ற விளம்பரம் பத்து நாளில் இறந்து, மறுநாள் மற்றொன்று பிறந்ததாகத் தோன்றும். எனவே எண்ணை விட்டு, படத்தையும் வாசகத்தையும் ஒப்பிட்டு நகல்களை ஒரே விளம்பரமாக இணைத்த பின்பே ஆயுளைக் கணக்கிட வேண்டும். ஒரே நாளில் ஒரு நிறுவனத்தின் பல விளம்பரங்கள் சேர்ந்தாற்போல் நின்றால், அது பெரும்பாலும் திட்டம் முடிந்ததன் அடையாளம். ஒரு தொகுதியில் ஒன்று மட்டும் நின்று மற்றவை தொடர்ந்தால், தோல்வியால் நின்றிருக்கும் வாய்ப்பு கூடுகிறது. முதல் வகையை, காப்லான்–மையர் கணக்கில் நின்றவையாக எண்ணாமல், அந்த நாளோடு முற்றுப்பெறாதவையாக விடுவதே வழக்கம். ஆயினும் நன்றாக ஓடாததாலேயே திட்டம் சுருக்கப்பட்டிருந்தால் இதுவும் கணக்கைச் சாய்க்கும். இரு விதமாகவும் கணக்கிட்டு முடிவு மாறுகிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நாள்களின் எண்ணிக்கை ஈட்டிய பணத்தின் அளவும் அன்று. தளத்தின் தானியங்கி ஏலமுறை ஒரு தொகுதியின் செலவைச் சில விளம்பரங்களுக்கே வாரி வழங்குவதால், ஏறத்தாழ யாருக்கும் காட்டப்படாமலேயே 90 நாள் ‘ஓடிய’ விளம்பரங்களும் பட்டியலில் இருக்கும். ஐரோப்பியத் தரவில் கிடைக்கும் eu_total_reach, அதாவது விளம்பரத்தைக் கண்ட கணக்குகளின் தோராய எண்ணிக்கை, இவற்றைப் பிரித்தறிய உதவுகிறது. விற்பனை எண்ணிக்கை வெளியாருக்குக் கிடைக்காததால், போட்டியாளர் விளம்பரத்தின் ஆயுள் அதை நிறுத்தாமல் வைத்த மேலாளரின் முடிவை மட்டுமே நேரடியாகக் காட்டுகிறது.